இரண்டு மூலை, மூன்று பொருள்: வீட்டில் அடர் தீவனம் கலக்கும் கணக்கு

கேள்வி: எங்களிடம் இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 8 லிட்டர் அளவில் கறக்கிறது. மூட்டைத் தீவனத்தை விட்டுவிட்டு, மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு மூன்றையும் வைத்து 18 சதவீதப் புரதத்தில் நானே கலக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு பொருளின் புரதத்தை இடப்பக்க மூலைகளிலும், வேண்டிய புரதத்தை நடுவிலும் எழுதி, குறுக்கே கழித்துக் கலக்கும் பங்கைக் கண்டுபிடிக்கும் சதுர முறையை ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் சதுரத்தில் பொருள் எழுத இரண்டு மூலைதானே இருக்கிறது? அதனால் முதலில் மக்காச்சோளம் 9, தவிடு 15, நடுவில் 18 என்று போட்டேன். 3, 9 என்று வந்தது. இதை வைத்துக்கொண்டு பிண்ணாக்கை எப்படிச் சேர்ப்பது? தாது உப்பையும் சாதா உப்பையும் கடைசியில் தூவிவிட்டால் போதுமா?

பதில்: அந்த முதல் சதுரத்தை அடித்துவிடுங்கள். 9-ம் 15-ம் இரண்டுமே 18-க்குக் கீழே இருக்கின்றன. அவற்றை எந்த விகிதத்தில் கலந்தாலும் கலவையின் புரதம் 9-க்கும் 15-க்கும் நடுவில்தான் நிற்கும், 18-ஐ எட்டவே எட்டாது. சதுர முறையில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான். கழிக்கும்போது வரும் கழித்தல் குறியைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லித் தருவதால், எட்ட முடியாத இலக்கைக் கொடுத்தாலும் அது பாட்டுக்கு ஒரு விடையைத் தந்துவிடும். உங்களுக்கு வந்த விடைப்படி 3 கிலோ மக்காச்சோளமும் 9 கிலோ தவிடும் கலந்தால் என்ன ஆகும்? மக்காச்சோளத்திலிருந்து 270 கிராம், தவிட்டிலிருந்து 1350 கிராம், மொத்தம் 1620 கிராம் புரதம். 12 கிலோவுக்கு 1620 கிராம் என்றால் 13.5 சதவீதம். காகிதத்தில் 18, தொட்டியில் 13.5.

ஆகவே சதுரம் போடும் முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். இடப்பக்கத்து இரண்டு எண்களில் ஒன்று இலக்குக்குக் கீழேயும் மற்றது மேலேயும் இருக்கிறதா? இருந்தால் போடலாம். இல்லையென்றால் பேனாவை மூடிவிடலாம்.

இந்த விதி எதனால் என்று புரிந்துவிட்டால் மூன்று பொருள் சிக்கலும் தானாகத் தீர்ந்துவிடும். சதுரம் செய்வது ஒரு வரவு செலவுக் கணக்குதான். இலக்குக்குக் கீழே உள்ள பொருள் ஒவ்வொரு கிலோவிலும் இவ்வளவு கிராம் புரதம் கடன் வைக்கிறது. மேலே உள்ள பொருள் ஒவ்வொரு கிலோவிலும் இவ்வளவு கிராம் மிச்சம் தருகிறது. எத்தனை கிலோ கடன்காரனுக்கு எத்தனை கிலோ பணக்காரன் வேண்டும் என்பதைத்தான் குறுக்கே கழித்துக் கண்டுபிடிக்கிறோம். உங்கள் முதல் சதுரத்தில் இருவருமே கடன்காரர்கள், கொடுக்க ஆளில்லை.

அப்படிப் பார்த்தால் உங்களிடம் பொருள் மூன்று இருந்தாலும் கட்சி இரண்டுதான். மக்காச்சோளமும் தவிடும் ஒரு கட்சி, பிண்ணாக்கு எதிர்க்கட்சி. மக்காச்சோளத்தையும் தவிட்டையும் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதைச் சதுரத்திடம் கேட்காமல் நீங்களே முதலில் முடிவு செய்து, அந்தக் கூட்டின் சராசரிப் புரதத்தை ஒரு மூலையில் எழுதவேண்டும். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். 9-ம் 15-ம் சேர்ந்து 24, அதில் பாதி 12. ஏன் பாதிக்குப் பாதி என்பதைப் பிறகு சொல்கிறேன், அது முக்கியமான கேள்வி. கடலைப் பிண்ணாக்குக்கு 42 என்று எடுத்துக்கொள்வோம். செக்கில் ஆட்டியதா, இயந்திரத்தில் பிழிந்ததா, தோலோடு ஆட்டியதா என்பதைப் பொறுத்து இந்த எண் மேலும் கீழும் போகும். அதற்கும் வருகிறேன்.

இப்போது உப்பு. கடைசியில் தூவிவிட்டால் போதாது, கணக்கின் தொடக்கத்திலேயே அதற்கு இடம் விடவேண்டும். 100 கிலோ கலவையில் தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ என்பது வழக்கமான அளவு. இந்த 3 கிலோவில் புரதம் துளியும் இல்லை. ஆக 100 கிலோ கலவைக்குத் தேவையான 18 கிலோ புரதத்தை மீதி 97 கிலோவே சுமந்தாக வேண்டும். 18-ஐ 97-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 18.56 வரும். 18.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரத்தின் நடுவில் எழுதவேண்டிய எண் 18 இல்லை, இந்த 18.6-தான்.

```
12             23.4
      18.6
42              6.6
```

குறுக்கே கழித்தால், 42-இல் 18.6 போக 23.4. இது மேல் வரிசையின் பங்கு, அதாவது மக்காச்சோளம்-தவிட்டுக் கூட்டுக்கு. 18.6-இல் 12 போக 6.6. இது கீழ் வரிசையில் உள்ள பிண்ணாக்கின் பங்கு. விடை எப்போதும் அதே வரிசையில் இடப்பக்கம் இருக்கும் பொருளுக்குத்தான் சொந்தம். குறுக்கே கழித்த பழக்கத்தில் பலர் விடையையும் குறுக்கே படித்துவிட்டு, பிண்ணாக்குக்கு 23.4 பங்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கலந்தால் புரதம் 34 சதவீதத்தைத் தாண்டும். நல்லவேளையாக, கலவையின் முக்கால் பங்குக்கு மேல் பிண்ணாக்கே வந்து நிற்பதைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும்.

பங்குகளின் மொத்தம் 23.4-ம் 6.6-ம் சேர்ந்து 30. கூட்டுக்கு 30-இல் 23.4, அதாவது 78 சதவீதம். பிண்ணாக்குக்கு 22 சதவீதம். இதை 97 கிலோவுக்குப் பிரித்தால் கூட்டு 75.7 கிலோ, பிண்ணாக்கு 21.3 கிலோ. கூட்டை இரண்டாகப் பிரித்தால் மக்காச்சோளமும் தவிடும் தலா 37.8 கிலோ. தராசில் வைக்க வசதியாக முழு எண்களாக்கிவிடலாம்: மக்காச்சோளம் 38, தவிடு 38, பிண்ணாக்கு 21, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. மொத்தம் 100 கிலோ.

எழுதி முடித்ததும் ஒருமுறை கூட்டிச் சரிபாருங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்தாலே சதுரத்தில் எந்தத் தவறு நடந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும். 38 கிலோ மக்காச்சோளத்தில் 3.42 கிலோ புரதம், 38 கிலோ தவிட்டில் 5.70, 21 கிலோ பிண்ணாக்கில் 8.82. கூட்டினால் 17.94. முழு எண்ணாக்கியதில் குறைந்தது வெறும் 0.06 புள்ளி. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சரி, பாதிக்குப் பாதி கதைக்கு வருவோம். சதுரத்துக்குப் புரதம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. மக்காச்சோளமே இல்லாமல் தவிடும் பிண்ணாக்கும் மட்டும் போட்டாலும் அது 18 சதவீதத்துக்கு வழி சொல்லும்: தவிடு 84 கிலோ, பிண்ணாக்கு 13 கிலோ. தவிடே இல்லாமல் மக்காச்சோளமும் பிண்ணாக்கும் மட்டும் என்றால் மக்காச்சோளம் 69, பிண்ணாக்கு 28. இந்த இரண்டு கலவையும், மேலே நாம் போட்டதும், மூன்றுமே புரதத்தில் ஒரே தரம். ஆனால் மாட்டுக்கு மூன்றும் ஒன்றல்ல.

செரிக்கக்கூடிய மொத்தச் சத்து என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு தீவனத்திலிருந்து மாட்டுக்குக் கிடைக்கும் எரிசக்தியை அளக்கப் பயன்படுவது அது. ஏறத்தாழச் சொன்னால் மக்காச்சோளத்துக்கு 80, கோதுமைத் தவிட்டுக்கு 65, கடலைப் பிண்ணாக்குக்கு 75. இந்த எண்களைக் கொண்டு மூன்று கலவைகளையும் கணக்கிட்டால் தவிட்டுக் கலவை 64-ஐ ஒட்டி நிற்கும், பாதிக்குப் பாதிக் கலவை 71-க்கு வரும், மக்காச்சோளக் கலவை 76-ஐத் தொடும். தவிடு மலிவாகக் கிடைக்கிறதே என்று முதல் கலவைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். புரதம் சரியாக இருக்கிறது, கணக்கும் சரியாக இருக்கிறது, ஆனாலும் பால் கூடவில்லை, மாட்டுக்கு முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தெரிகிறது என்று பிறகு வந்து கேட்பார்கள். எரிசக்தி போதாத மாடு புரதத்தையே உடைத்து எரிபொருளாக்கிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு அப்படித்தான் வீணாகிறது.

அப்படியென்றால் மக்காச்சோளத்தையே நிறையப் போட்டுவிடலாமே என்று தோன்றும். மாவாக அரைத்த தானியம் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலத்தைக் கூட்டும். மாடு அசைபோடுவது குறையும், சாணம் இளகி நுரைக்கும், பாலில் கொழுப்புச் சத்து இறங்கும். போதுமான நார்த்தீவனம் தின்று, அடர் தீவனத்தைப் பல வேளையாகப் பிரித்து வாங்கிக்கொள்ளும் மாடு அதைச் சமாளித்துவிடும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று மொத்தமாக வைக்கும் வீட்டில் எனக்கு அந்தத் தைரியம் வராது. 8 லிட்டர் மாட்டுக்குப் பாதிக்குப் பாதி நல்ல நடுவழி. 15 லிட்டரைத் தாண்டும் மாடாக இருந்தால் மக்காச்சோளத்தை இரண்டு பங்கு, தவிட்டை ஒரு பங்கு என்று நகர்த்துவேன். அப்போது கூட்டின் சராசரி 11 ஆகும், மற்றபடி சதுரம் அதேதான்.

பிண்ணாக்கிலும் இதே உத்தி செல்லும். கடலைப் பிண்ணாக்கு இரண்டு பங்கும் தேங்காய்ப் பிண்ணாக்கு ஒரு பங்கும் கலக்க விரும்பினால், 42, 42, 21 மூன்றின் சராசரியான 35-ஐக் கீழ் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். பிண்ணாக்கின் மொத்த அளவு 21 கிலோவிலிருந்து 28 கிலோவாகக் கூடும், அவ்வளவுதான்.

கணக்கு இத்தோடு முடிந்தது. இனி அந்தக் கணக்குக்குள் போடும் எண்களைப் பற்றிப் பேசவேண்டும். என் அனுபவத்தில் வீட்டுக் கலவை சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான், கழித்தலில் இல்லை.

பிண்ணாக்கில் ஏமாற்று நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடலைத் தோல், மணல், பழைய பிண்ணாக்குத் தூள் என்று கலந்து 42 இருக்கவேண்டிய இடத்தில் 36 இருந்தால், நம்முடைய 100 கிலோ கலவை 17.94-இலிருந்து 16.68-க்கு இறங்கும். நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தவிட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் அதிகம். கலவையில் தவிடு 38 கிலோ, பிண்ணாக்கு 21 கிலோதான். அதனால் தவிட்டின் புரதம் ஒரு புள்ளி குறைந்தால் கலவையில் 0.38 போகும், பிண்ணாக்கில் ஒரு புள்ளி குறைந்தால் 0.21தான் போகும். 15 என்று நீங்கள் எழுதிய தவிடு, உமித்தூள் கலந்து 11 ஆக இருந்தால் கலவை 16.4-க்கு வந்துவிடும். பிண்ணாக்கில் 6 புள்ளி ஏமாந்ததைவிட இது மோசம். போதாக்குறைக்கு உமி செரிக்காது, அதனால் எரிசக்தியும் சேர்ந்து இறங்கும்.

தவிட்டைச் சோதிக்க ஆய்வகம்வரை போகவேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு பிடி தவிட்டைப் போட்டுக் கலக்கிச் சற்று நேரம் விடுங்கள். உமி மேலே மிதக்கும், மணல் அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ படியும், அப்போது தவிட்டுக்குள் எது எவ்வளவு என்று ஓரளவு கண்ணுக்கே தெரியும். வாயில் ஒரு சிட்டிகை போட்டு மென்றால் மணல் பல்லில் நறநறக்கும். கோதுமைத் தவிட்டுக்குப் பதிலாக அரிசித் தவிடு வாங்கினால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், உமி கலப்பது அதில்தான் சுலபம். அரிசித் தவிட்டின் புரதமும் 15 கிடையாது. எண்ணெய் எடுக்காததில் ஏறத்தாழ 12, எண்ணெய் எடுத்ததில் 14 அல்லது 15. எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரம் சிக்கடிக்கும். கசப்பு வாடை வந்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அதை மொத்தமாக வாங்கி அடுக்கவேண்டாம்.

அடுத்தது, எண் எந்த அடிப்படையில் சொல்லப்பட்டது என்பது. ஆய்வக அறிக்கைகளில் சில, புரதத்தை ஈரத்தோடு இருக்கும் பொருளுக்குச் சொல்லும். சில, ஈரத்தை முழுக்க நீக்கிய உலர் பொருளுக்குச் சொல்லும். 10 சதவீதம் ஈரமுள்ள பிண்ணாக்கில் ஈரத்தோடு 42 என்றால், அதே பிண்ணாக்குக்கு உலர் அடிப்படையில் 46.7 என்று அறிக்கை வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் மக்காச்சோளத்துக்கும் தவிட்டுக்கும் ஈர அடிப்படை எண்ணையும் பிண்ணாக்குக்கு மட்டும் 46.7-ஐயும் போட்டால், சதுரம் 18.4 கிலோ பிண்ணாக்கு போதும் என்று சொல்லிவிடும். கலவை 17.2-இல் நின்றுவிடும். தராசில் ஈரத்தோடுதானே நிறுக்கிறோம்? எனவே ஈர அடிப்படை எண்களையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். அறிக்கையில் உலர் அடிப்படை எண் மட்டும் இருந்தால், ஈரம் எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 100 கிலோ பிண்ணாக்கில் ஒரு கிலோ யூரியாவைத் தூவினால் அறிக்கையில் புரதம் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி கூடிவிடும், பிண்ணாக்கில் ஒன்றும் கூடாது. வழக்கத்துக்கு மீறிய எண்ணைக் காட்டி மலிவு விலையில் யாராவது பிண்ணாக்கு விற்றால், யூரியா இருக்கிறதா என்றும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடலைப் பிண்ணாக்கு வாங்கும்போது புரதத்தைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது பூஞ்சை. அஃப்ளாடாக்சின் என்ற நச்சு பூஞ்சை பிடித்த கடலையில் உருவாகும், மாடு தின்றால் அதன் ஒரு பகுதி பாலுக்கும் வந்து சேரும். காய்ச்சினாலும் போகாது. பச்சையும் கறுப்புமாகப் படிந்த கட்டியையும் முடை நாற்றம் அடிக்கும் மூட்டையையும் வெயிலில் காயவைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவேண்டாம், வெயில் ஈரத்தைத்தான் எடுக்கும், நச்சை எடுக்காது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாத பிண்ணாக்கிலும் நச்சு இருக்கலாம். அதனால்தான் முழுக்கக் கடலைப் பிண்ணாக்கையே நம்பாமல் வேறொரு பிண்ணாக்கையும் பாதியளவு சேர்ப்பதை நான் விரும்புகிறேன்.

கலக்கும்போது எடையில் கலக்கவேண்டும், பக்கெட்டில் அல்ல. சதுரம் தரும் பங்குகள் எல்லாமே எடைப் பங்குகள். ஒரு பக்கெட் கோதுமைத் தவிடு, அதே பக்கெட் நிறைய மக்காச்சோளக் குருணையின் எடையில் பாதிகூட வராது. "ஒன்றுக்கு ஒன்று" என்று பக்கெட்டால் அளந்தால் தவிடு பாதிக்கும் கீழே போய்விடும். தினமும் தராசு எடுக்கச் சலிப்பாக இருந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கெட்டின் எடையை ஒருமுறை நிறுத்து அதன் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை மாறினால் மறுபடி நிறுக்கவேண்டும்.

மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு உடைக்கவேண்டும். மாவாக்கினால் மேலே சொன்ன அமிலத் தொல்லை வரும், முழுசாக விட்டால் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தில் வந்துவிடும். சாணத்தில் முழு மணி தெரிந்தால் அரவை இன்னும் கொஞ்சம் நைசாக இருக்கவேண்டும் என்று அர்த்தம். பிண்ணாக்கையும் அதே அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். கட்டி கட்டியாக இருந்தால் மாடு பிண்ணாக்கைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தவிட்டைத் தள்ளிவிடும். தாது உப்பும் உப்பும் சேர்ந்து வெறும் 3 கிலோ, அதை 100 கிலோ குவியலில் நேரே கொட்டினால் ஒரு மாட்டுக்கு நிறையவும் இன்னொரு மாட்டுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 5 கிலோ தவிட்டோடு இரண்டையும் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். பிறகு சுத்தமான தரையில் மக்காச்சோளத்தைப் பரப்பி, அதன்மேல் மீதித் தவிடு, பிண்ணாக்கு, உப்புக் கலந்த தவிடு என்று அடுக்குங்கள். குவியலை ஒரு பக்கத்திலிருந்து மண்வெட்டியால் வெட்டி அடுத்த இடத்துக்கு மாற்றிக் குவிக்கவேண்டும். நான்கைந்து முறை இப்படி இடம் மாற்றினால் எந்த மூலையில் கையை விட்டு அள்ளினாலும் ஒரே நிறமாக இருக்கும்.

தாது உப்பு விலை அதிகம், விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகக் குறைவு. தானியத்திலும் கால்சியம் மிகக் குறைவுதான். பாலில் கால்சியத்தைக் கொட்டும் மாட்டுக்கு இந்தக் கலவை தானாக அதை ஈடுசெய்யாது.

எவ்வளவு வைப்பது? உடலைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பசு மாட்டுக்கான பொதுக் கணக்கு. 8 லிட்டர் மாட்டுக்கு ஒன்றரையும் 3.2-ம் சேர்த்து 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு மாட்டுக்கும் 100 கிலோ 10 நாளுக்கு வரும், கலந்துவைக்க அதுவே சரியான அளவு. உடைத்த தானியமும் பிண்ணாக்கும் முழுசாக இருப்பதைவிடச் சீக்கிரம் கெடும், 15 நாளுக்கு மேல் கலந்துவைக்காதீர்கள். மூட்டைத் தீவனத்திலிருந்து ஒரே நாளில் மாற்றவேண்டாம். முதலில் கால் பங்கு, பிறகு பாதி என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டால் முதல் வயிற்று நுண்ணுயிர்களுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

18 என்ற இலக்கே உங்கள் மாட்டுக்குச் சரியா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் அது அடர் தீவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை. வெறும் வைக்கோலும் இந்தக் கலவையும் மட்டும்தான் என்றால் 18 போதாமல் போகலாம், வைக்கோலில் புரதம் 4 சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. அங்கே 20-க்குப் போங்கள். வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு போன்ற பயறுவகைப் பசுந்தீவனம் தாராளமாக இருந்தால் 16 போதும். அதற்கு மேல் ஏற்றினால் மிஞ்சும் புரதம் சிறுநீரில் போகும். மாட்டுக்குப் பயனில்லை, பிண்ணாக்குக் காசும் போச்சு. தீவனம் மாறும்போது நடுவில் எழுதும் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு சதுரத்தைத் திரும்பப் போடுங்கள். 3 கிலோ உப்புக்கான திருத்தத்தை மறக்கவேண்டாம்: 20-க்கு 20.6, 16-க்கு 16.5.

முதல் கலவையைத் தயாரித்ததும் குவியலின் பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவைத் தீவன ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈர அடிப்படையில் புரதம், ஈரம், அமிலத்தில் கரையாத சாம்பல் மூன்றும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது மணலைக் காட்டிக்கொடுக்கும். அறிக்கையில் 18-க்குப் பதில் 16.7 என்று வந்தால் குவியலைக் கலைக்கவேண்டியதில்லை. இதே சதுரத்தால் அதையும் சரிசெய்யலாம். கலவையை ஒரு மூலையில் 16.7 என்றும், பிண்ணாக்கை மறு மூலையிலும் வைத்து, நடுவில் 18 எழுதுங்கள். இந்த முறை 18.6 வேண்டாம், உப்பு ஏற்கெனவே கலவைக்குள் இருக்கிறது. பிண்ணாக்கு உண்மையிலேயே 42 என்றால் கலவைக்கு 24 பங்கும் பிண்ணாக்குக்கு 1.3 பங்கும் வரும், 100 கிலோவுக்கு 5.4 கிலோ பிண்ணாக்கு கூட்டினால் போதும். ஆனால் குறைந்ததற்குக் காரணமே அந்தப் பிண்ணாக்குதான், அது 36தான் என்று தெரிந்தால் கலவைக்கு 18 பங்கு, பிண்ணாக்குக்கு 1.3 பங்கு. அப்போது 7.2 கிலோ வேண்டும். எந்த எண்ணைப் போடுவது என்று தெரிய, கலவையோடு பிண்ணாக்கிலும் ஒரு மாதிரியைத் தனிப் பொட்டலமாகக் கட்டி அதே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.